முதல் செய்திக்கு முந்தைய அறிமுகம்

முன்பின் தெரியாத ஒருவரிடம் வேலையோ ஒப்பந்தமோ கேட்டு எழுதும் முன், சில வாரங்கள் அவருடைய பதிவுகளையும் படைப்புகளையும் பின்தொடர்ந்து, அவற்றைக் குறித்துப் பொதுவில் கருத்துச் சொல்லி, தன் பெயரை அவருக்குப் பழக்கப்படுத்தும் விற்பனை முறை இது. பெரும்பாலும் லிங்க்ட்இன் தளத்தில் கையாளப்படுகிறது.

அடிக்கடி கண்ணில் படும் ஒன்றின் மேல் மனத்துக்கு விருப்பம் கூடுகிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஸயன்ஸ் 1968இல் எழுதினார். இம்முறைக்கு ஆதாரமாகப் பலரும் காட்டுவது அதைத்தான். ஆனால் தொடக்கத்திலேயே எரிச்சலூட்டிய ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் எரிச்சல்தான் வளரும். ஆகவே எத்தனை முறை தென்பட்டோம் என்பதைவிட, முதலில் எப்படித் தென்பட்டோம் என்பதே முக்கியம்.

மென்பொருள் கையேடு எழுதித்தரும் தனிப்பணியாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். திறமூலக் கருவி ஒன்றை வெளியிடும் சிறு நிறுவனத்தின் தலைவர்தான் அவர் அணுக விரும்புபவர். முதல் வாரத்தில் பணியாளர் தலைவரை 'ஃபாலோ' மட்டும் செய்கிறார். பழைய பதிவுகளைப் படித்து, அவருக்கு எது தலைவலி என்று பார்க்கிறார். புதிய பயனர்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்ற புலம்பல் கண்ணில் படுகிறது. இரண்டாம் வாரம், அது பற்றிய பதிவின் கீழ்த் தன் அனுபவத்திலிருந்து மூன்று வரி எழுதுகிறார். மூன்றாம் வாரம், கையேட்டின்படி அந்தக் கருவியைத் தன் கணினியில் நிறுவிப் பார்க்கிறார். ஒரு படி விடுபட்டிருப்பதைக் கண்டு, திருத்தத்தை கிட்ஹப்பில் அனுப்புகிறார். என் பார்வையில் இந்த ஒரு வேலை இருபது லைக்குகளுக்குச் சமம். படைப்பைப் பயன்படுத்திப் பார்த்தவர் என்பதற்கு அதுவே சாட்சி.

திருத்தம் ஏற்கப்பட்டு, தலைவர் நன்றி சொன்ன பிறகுதான் தனிச்செய்தி போகிறது: "நிறுவல் பக்கத்தில் திருத்தம் அனுப்பியவன் நான். அடுத்த இரு பக்கங்களிலும் புதியவர்கள் தடுமாறக்கூடிய இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா?" விலைப்பட்டியலோ, பேச நேரம் ஒதுக்கும்படி கோரிக்கையோ அதில் இல்லை. 'ஆம்' என்று பதில் வந்தால் குறிப்பு போகும். கட்டணப் பேச்சு அதற்கும் பிறகு.

இந்த முறை கெடுவது பெரும்பாலும் அவசரத்தால். ஒரே நாளில் பத்துப் பதிவுகளுக்கு லைக் போட்டால், எதிராளிக்கு அறிவிப்புகள் வரிசையாக விழும். நோக்கம் அப்போதே வெளிப்பட்டுவிடும். "அருமையான பதிவு" என்ற கருத்து யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. கருத்துகளுக்கு அவர் பதில் எழுதுவதும், நம் பக்கத்தை வந்து பார்ப்பதும் நல்ல அறிகுறிகள். நான்கு வாரம் ஆகியும் ஒன்றும் இல்லையென்றால், பதிவுகளை வேறு யாரோ அவர் பெயரில் போடுகிறார்கள் என்றும் இருக்கலாம். அப்போது நேரடியாகச் சுருக்கமான மின்னஞ்சல் எழுதிவிடுவது மேல்.

பொதுவில் எதுவும் எழுதாதவர்களிடம் இம்முறைக்கு வேலையே இல்லை. ஒரே சமயத்தில் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் இதை ஒருவரால் ஒழுங்காகச் செய்யவும் முடியாது. அதனால் சில நூறு ரூபாய்ப் பொருளை விற்பவருக்கு இது கட்டுப்படியாகாது.