நூறு துண்டுகளாக வரும் ஓர் இணையப் பக்கம்: சர்வரிலிருந்து கைப்பேசி வரை தரவுப் பொதிகளின் பயணம்

புது தில்லி: கைப்பேசியில் ஒரு செய்தி இணைப்பைத் தொட்டவுடன் பக்கம் முழுமையாகத் திரையில் தோன்றுகிறது. ஆனால், அந்தப் பக்கம் ஒரே கோப்பாக வந்து சேர்வதில்லை. 'பாக்கெட்' எனப்படும் சிறு தரவுப் பொதிகளாகப் பிரிக்கப்பட்டு, பல நகரங்களில் உள்ள ரவுட்டர்களைக் கடந்து வந்து, கைப்பேசியில் மீண்டும் ஒன்றுசேர்க்கப்படுகிறது. பக்கம் திறக்கத் தாமதமாவது ஏன், பாதியில் நின்றுபோவது ஏன், இணைய வேகம் அதிகமுள்ள திட்டத்துக்கு மாறியும் சில தளங்கள் மெதுவாகவே இயங்குவது ஏன் ஆகிய கேள்விகளுக்கான விடை இந்தப் பயணத்தில்தான் இருக்கிறது.

பொதி என்ற எண்ணம்

தொலைபேசி அழைப்பில், பேசும் இருவருக்கும் இடையே ஒரு தனித்தடம் ஒதுக்கப்படுவதே பழைய முறை. இருவரும் மௌனமாக இருந்தாலும் அந்தத் தடத்தை வேறு யாரும் பயன்படுத்த முடியாது. 1960-களில் அமெரிக்காவின் பால் பேரனும், பிரிட்டனின் டொனால்ட் டேவிஸும் தனித்தனியாக இதற்கு மாற்றுவழி ஒன்றைக் கண்டனர். தகவலைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் முகவரி எழுதி அனுப்பினால், ஒரே கம்பியைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம் என்பதே அது. அத்துண்டுக்குப் 'பாக்கெட்' என்று பெயரிட்டவர் டேவிஸ். இத்துண்டுகளைப் பல்வேறு வலையமைப்புகளுக்கு இடையே கடத்துவதற்கான விதிமுறையை விண்ட் செர்ஃப், பாப் கான் ஆகியோர் 1974-இல் வெளியிட்டனர். இன்றைய டி.சி.பி., ஐ.பி. ஆகிய நெறிமுறைகள் அதிலிருந்து வளர்ந்தவை.

ஒரு பக்கத்தின் கணக்கு

1,46,000 பைட் அளவுள்ள ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான இணைப்புகளில் ஒரு பொதியின் உச்ச அளவு 1,500 பைட். அதில் ஐ.பி. தலைப்புக்கு 20 பைட்டும், டி.சி.பி. தலைப்புக்கு 20 பைட்டும் பொதுவாகச் செலவாகின்றன. எஞ்சிய 1,460 பைட்டில்தான் பக்கத்தின் உள்ளடக்கம் இடம்பெறும். ஆகவே, இந்தப் பக்கம் சரியாக 100 பொதிகளாகிறது. பிரிக்கும் பணியைச் சர்வரின் இயங்குதளமும், சேர்க்கும் பணியைக் கைப்பேசியின் இயங்குதளமும் செய்கின்றன. இடையில் உள்ள ரவுட்டர்களுக்கு உள்ளடக்கம் என்னவென்று தெரியாது.

ஐ.பி. தலைப்பு என்பது கடித உறையின் மேற்பகுதியைப் போன்றது. அனுப்புநர், பெறுநர் ஆகிய இருவரின் ஐ.பி. முகவரிகளும் அதில் இருக்கும். டி.சி.பி. தலைப்பில் வரிசை எண் இருக்கும். பொதி எந்த ஒழுங்கில் வந்து சேர்ந்தாலும், அதற்குரிய இடத்தில் வைக்க அந்த எண்ணே துணைசெய்கிறது.

சர்வர் நூறு பொதிகளையும் ஒரே மூச்சில் அனுப்பிவிடுவதில்லை. வழியில் உள்ள இணைப்பு எவ்வளவு சுமை தாங்கும் என்பது அதற்குத் தொடக்கத்தில் தெரியாது. எனவே முதலில் 10 பொதிகளை மட்டும் அனுப்புகிறது. அவை கிடைத்ததாகக் கைப்பேசி ஒப்புகை அனுப்பியதும் 20 பொதிகள் புறப்படுகின்றன. அடுத்து 40 பொதிகள். நான்காவது சுற்றில் எஞ்சிய 30 பொதிகள். இதற்கு முன்பாக, இணைப்பை ஏற்படுத்த ஒரு சுற்றும், பாதுகாப்புக்கான மறையாக்கச் சாவிகளை உருவாக்க மற்றொரு சுற்றும் தேவை. ஆக மொத்தம், போய்வரும் பயணம் ஆறு முறை நிகழ்கிறது.

தொலைவே தாமதம்

கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சர்வர் 10,000 கிலோமீட்டர் கேபிள் தொலைவில் இருந்தால், ஒருமுறை போய்வர 100 மில்லி விநாடி ஆகும். ஆறு சுற்றுக்கு 600 மில்லி விநாடி. அதே சர்வர் 1,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் மொத்தம் 60 மில்லி விநாடிதான்.

இப்போது இணைப்பின் வேகத்தைப் பார்ப்போம். தலைப்புகளையும் சேர்த்தால் நூறு பொதிகளின் அளவு 1,50,000 பைட், அதாவது 12 லட்சம் பிட். விநாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் இதைச் செலுத்த 12 மில்லி விநாடி போதும். வேகத்தை இருமடங்காக்கினால் மிச்சமாவது 6 மில்லி விநாடி மட்டுமே. தொலைவினால் ஏற்படும் 600 மில்லி விநாடி அப்படியே இருக்கும். அதிக வேகத் திட்டத்துக்கு மாறியும் வெளிநாட்டுத் தளங்கள் உடனே திறக்காததற்கு இதுவே காரணம். பெரிய கோப்பைப் பதிவிறக்கும்போதுதான் வேகத்தின் பயன் தெரியும்.

பெரிய இணையதளங்கள் தங்கள் பக்கங்களின் நகல்களைப் பயனர்களுக்கு அருகிலுள்ள நகரங்களில் வைத்திருப்பதும் இதனால்தான். உள்நாட்டில் தொடங்கி உள்நாட்டிலேயே முடியும் தரவு, வெளிநாட்டுக்குச் சென்று திரும்புவதைத் தவிர்க்க, இந்திய இணையச் சேவை நிறுவனங்கள் தங்களுக்குள் நேரடியாகத் தரவைப் பரிமாறிக்கொள்ளும் மையங்களை நடத்தும் 'நிக்ஸி' அமைப்பு 2003-இல் தொடங்கப்பட்டது.

முழு வழியும் யாருக்கும் தெரியாது

பொதி செல்ல வேண்டிய பாதை முன்கூட்டியே வகுக்கப்படுவதில்லை. ஒவ்வொரு ரவுட்டரிடமும் ஓர் அட்டவணை உண்டு. பெறுநரின் முகவரி எந்தத் தொகுப்பில் அடங்குகிறது, அத்தொகுப்புக்குச் செல்ல அடுத்து எந்த ரவுட்டரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது மட்டுமே அதில் இருக்கும். பேருந்து நிலையத்தில் வழி கேட்பவரிடம், அடுத்த ஊர் வரை செல்லும் பேருந்தை மட்டும் காட்டிவிடுவதைப் போன்றது இது.

ஒரே பக்கத்தின் ஒவ்வொரு பொதியும் வெவ்வேறு வழியில் பறப்பதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அதற்கு வாய்ப்பு உண்டு என்றாலும், நடைமுறையில் ஒரே இணைப்பைச் சேர்ந்த பொதிகளை ஒரே தடத்தில் அனுப்பவே ரவுட்டர்கள் முயல்கின்றன. வரிசை குலைந்தால் கைப்பேசியில் தாமதம் ஏற்படும் என்பதே காரணம். கேபிள் அறுந்தாலோ, ரவுட்டர் செயலிழந்தாலோ அட்டவணைகள் திருத்தப்பட்டு, அதன்பின் வரும் பொதிகள் மாற்றுவழியில் திரும்புகின்றன.

அட்டவணைகளில் பிழை ஏற்பட்டு, பொதி ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கவும் கூடும். அதைத் தடுக்க, ஐ.பி. தலைப்பில் ஓர் எண் வைக்கப்படுகிறது. பெரும்பாலும் 64 அல்லது 128 எனத் தொடங்கும் அந்த எண்ணை ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்று குறைக்கிறது. பூஜ்யத்தை அடைந்ததும் பொதி கைவிடப்படுகிறது.

37-ஆவது பொதி தொலைந்தால்

நெரிசல் மிகும்போது ரவுட்டரின் நினைவகம் நிரம்பிவிடும். அதன்பிறகு வரும் பொதிகள் எவ்வித அறிவிப்புமின்றிக் கைவிடப்படுகின்றன. மேற்சொன்ன பக்கத்தில், மூன்றாவது சுற்றில் வர வேண்டிய 37-ஆவது பொதி தொலைந்ததாகக் கொள்வோம். 38, 39, 40 ஆகியவை வந்து சேரும்போது ஒவ்வொரு முறையும் கைப்பேசி, '37-க்காகக் காத்திருக்கிறேன்' என்று ஒரே பதிலை அனுப்புகிறது. அதே பதில் மூன்று முறை கூடுதலாக வந்ததும், பொதி தொலைந்துவிட்டதெனச் சர்வர் முடிவுசெய்து, 37-ஐ மட்டும் மறுபடி அனுப்புகிறது. நெரிசல் இருப்பதாகக் கருதித் தன் வேகத்தையும் குறைத்துக்கொள்கிறது. அதுவரை, 38 முதல் 70 வரையிலான பொதிகள் கைப்பேசியில் இருந்தும் உலாவிக்குக் கொடுக்கப்படுவதில்லை. வரிசை தவறாமல் ஒப்படைப்பது டி.சி.பி.யின் விதி.

கடைசிப் பொதிகள் தொலைவது இன்னும் சிக்கலானது. 100-ஆவது பொதி தொலைந்தால், அதற்குப் பின் வரும் பொதி எதுவும் இல்லாததால் நினைவூட்டும் பதில்களும் எழாது. சர்வர் தன் காத்திருப்புக் கடிகாரத்தையே நம்ப வேண்டியிருக்கும். பக்கம் ஏறக்குறைய முழுதும் வந்துவிட்டு, இறுதியில் சற்று நேரம் அசையாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொதிகள் தொலைகின்றனவா என்பதைக் கணினியில் எளிதாகச் சோதிக்கலாம். விண்டோஸ் கணினியின் கட்டளைச் சாளரத்தில் கீழ்க்காணும் இரு கட்டளைகளை இட வேண்டும்.

```
ping -n 20 example.com
tracert example.com
```

முதல் கட்டளை 20 சிறு பொதிகளை அனுப்பி, எத்தனைக்குப் பதில் வந்தது, போய்வர எவ்வளவு நேரமானது என்று காட்டும். இரண்டாவது கட்டளை, குறையும் எண்ணைப் பயன்படுத்தியே வழியைக் கண்டறிகிறது. முதலில் 1 என்ற எண்ணுடன் பொதியை அனுப்பினால், முதல் ரவுட்டர் அதைக் கைவிட்டுத் தகவல் அனுப்பும். அடுத்து 2, பின்னர் 3 என உயர்த்தும்போது வழியில் உள்ள ரவுட்டர்கள் ஒவ்வொன்றாக வெளிப்படும். இடையே ஒரு வரியில் நட்சத்திரக் குறிகள் மட்டும் தோன்றினால் அதைப் பழுதாகக் கருத வேண்டியதில்லை. சில ரவுட்டர்கள் இத்தகைய சோதனைகளுக்குப் பதிலளிப்பதில்லை. ஒரு வரியில் தொடங்கும் தாமதம் இறுதிவரை நீடித்தால், அந்த இடத்தைச் சந்தேகிக்கலாம்.

வழிகாட்டியே தவறினால்

ரவுட்டர் அட்டவணைகள் நம்பிக்கையின் அடிப்படையில் உருவானவை. 'இந்த முகவரிகளுக்கு என் வழியாக வரலாம்' என்று வலையமைப்புகள் பி.ஜி.பி. என்ற நெறிமுறை மூலம் ஒன்றுக்கொன்று அறிவிக்கின்றன. இரு அறிவிப்புகள் பொருந்தினால், குறைவான முகவரிகளைக் கொண்ட, துல்லியமான அறிவிப்பே ஏற்கப்படும்.

2008 பிப்ரவரி 24 அன்று இந்த விதியே உலகளாவிய முடக்கத்துக்குக் காரணமானது. யூடியூபைத் தடைசெய்யும் அரசின் உத்தரவைச் செயல்படுத்த முனைந்த பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் 256 முகவரிகளுக்குத் தானே வழி என்று உள்நாட்டுக்காகச் செய்த அறிவிப்பு, ஹாங்காங்கின் பி.சி.சி.டபிள்யூ. வலையமைப்பு வழியாக உலகெங்கும் பரவியது. யூடியூப் அப்போது அறிவித்திருந்தது 1,024 முகவரிகள் கொண்ட பெரிய தொகுப்பு. ஆகவே, பிற நாடுகளின் ரவுட்டர்கள் சிறிய தொகுப்பை ஏற்று, யூடியூபுக்கான பொதிகளைப் பாகிஸ்தானுக்குத் திருப்பின. சர்வதேச நேரப்படி மாலை 6.47 மணிக்குத் தொடங்கிய குழப்பம், தவறான அறிவிப்பை பி.சி.சி.டபிள்யூ. இரவு 9.01 மணிக்குத் தடுத்த பிறகே முழுமையாக முடிவுக்கு வந்தது. அந்த நேரத்தில் யூடியூபின் சர்வர்களில் பழுது எதுவும் இல்லை.

இத்தகைய பிழைகளைத் தடுக்க, எந்த முகவரித் தொகுப்பை எந்த வலையமைப்பு அறிவிக்கலாம் என்பதற்கு மின்னணுக் கையொப்பமிட்ட சான்று வழங்கும் 'ஆர்.பி.கே.ஐ.' முறை பின்னர் நடைமுறைக்கு வந்தது. சான்றுக்கு மாறான அறிவிப்பை ரவுட்டர் நிராகரித்துவிடலாம். ஆனால், முகவரியின் உரிமையாளர் சான்றைப் பதிவுசெய்திருந்து, வழியில் உள்ள வலையமைப்புகளும் அதைச் சரிபார்த்தால் மட்டுமே இது பயன்தரும். மேலும், அறிவிப்பு எங்கிருந்து தொடங்கியது என்பதையே அது சரிபார்க்கிறது; பொதி கடந்துவரும் முழுப் பாதையையும் அல்ல.