எக்கோ அறிக்கையில் 35 வீதம்: அந்த எண் எதைச் சொல்கிறது?

“என்ர இதயம் 35 வீதம்தான் வேலை செய்யுதாம் பிள்ளை. மிச்சம் 65 செத்துப்போச்சுது போல.”

மாரடைப்பு வந்து வீடு திரும்பியிருந்த பக்கத்து வீட்டு மாமி, எக்கோ அறிக்கையை நீட்டியபடி இப்படிச் சொன்னார். வயது 58. தாளில் LVEF 35% என்று அச்சாகியிருந்தது. மாமியைப் போலவே அந்த எண்ணைப் பரீட்சைப் புள்ளியாக வாசித்துப் பயந்துபோன பலரை நான் சந்தித்திருக்கிறேன். அது 100க்கு எடுத்த புள்ளி அல்ல.

இதயத்தின் இடது இதயவறைதான் உடம்பு முழுவதற்கும் குருதியைத் தள்ளுகிறது. அது விரியும்போது குருதியால் நிரம்புகிறது, சுருங்கும்போது அதில் ஒரு பங்கை வெளியே அனுப்புகிறது. நிரம்பியதில் எத்தனை வீதம் வெளியே போனது என்பதே இந்த எண். எந்த இதயமும் முழுவதையும் வெளியேற்றுவதில்லை. நல்ல சுகதேகியின் இதயத்திலும் மூன்றில் ஒரு பங்களவு அல்லது அதற்கு மேல் உள்ளே தங்கும். ஆகவே 55 முதல் 70 வரை இருந்தாலே வழமையான அளவு. 40 அல்லது அதற்குக் கீழ் என்றால் இதயத்தின் சுருங்கும் வலு குறைந்துவிட்டது என்று வைத்தியர்கள் கொள்கிறார்கள். மாமியின் 35ஐ 100உடன் அல்ல, 60உடன் ஒப்பிட வேண்டும். அதுவும் பாரதூரமான குறைவுதான். ஆனால் 65 வீதம் செத்துப்போனது என்பது அதன் அர்த்தம் இல்லை.

அறிக்கையில் இந்த வீதத்துக்கு அருகே இன்னும் இரண்டு எண்கள் இருக்கலாம். LVEDV என்பது நிரம்பியபோது இருந்த அளவு, LVESV என்பது சுருங்கிய பின் மிஞ்சிய அளவு. மாமியின் அறிக்கையில் முதலாவது 180 மில்லிலீற்றர், இரண்டாவது 117. கழித்தால் 63. 180இல் 63 என்பது 35 வீதம்.

இப்போது சுகமான ஒரு பெண்ணின் இதயத்தை எடுப்போம். 105 மில்லிலீற்றர் நிரம்பி 42 மிஞ்சினால், வெளியே போவதும் அதே 63தான். வீதம் மட்டும் 60. ஒரு துடிப்பில் இரண்டு இதயங்களும் அனுப்புவது ஒரே அளவு. வலுக் குறைந்த இதயம் தன்னைப் பெருப்பித்துக்கொண்டு அந்தக் குறையை ஈடுசெய்கிறது. அதனால்தான் மாமிக்குக் கதிரையில் இருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளும்போது உடம்பு கூடுதலாகக் கேட்கிறது, கொடுக்கக் கையிருப்பு இல்லை. பின்னால் அழுத்தம் கூடி நுரையீரலில் நீர் தேங்குகிறது, மூச்சு வாங்குகிறது. படுத்தால் இரண்டு தலையணை தேவைப்படுவதும், கணுக்கால் வீங்குவதும், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ நிறை கூடுவதும் இதனால்தான். அப்படி வந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கக்கூடாது.

மாரடைப்பு வந்த நாட்களில் எடுத்த எண் கடைசி எண்ணும் அல்ல. குருதி தடைப்பட்ட இடத்தில் தசை இறந்திருக்கும். ஆனால் அதைச் சுற்றியுள்ள தசையில் ஒரு பகுதி உயிரோடுதான், அதிர்ச்சியில் மரத்துப்போய் இருக்கும். சில வாரங்களில் அது மீளலாம். அதனால்தான் மருந்தைக் கொடுத்து, மூன்று மாதமளவில் மீண்டும் எக்கோ எடுக்கிறார்கள். அப்போதும் 35 அல்லது அதற்குக் கீழ் இருந்தால், திடீரென இதயத் துடிப்புக் குழம்பினால் அதைச் சீராக்கும் கருவி பொருத்துவது பற்றிப் பேசப்படும்.

மாமியின் இரண்டாவது எக்கோவில் 42 வீதம் வந்தது. நிரம்பியது 150, மிஞ்சியது 87. கழித்தால் மறுபடியும் 63! வெளியே போகும் அளவு மாறவில்லை, இதயம் சுருங்கிச் சிறிதாகியிருக்கிறது. என் பார்வையில் வீதத்தை விட அந்த 180, 150 ஆனதுதான் பெரிய செய்தி. மருந்து சுமையைக் குறைத்திருக்கிறது. “அப்ப குளிசையை விடலாமோ?” என்றார் மாமி. விட்டால் இதயம் மறுபடி பெருக்க இடமுண்டு. வைத்தியர் சொல்லாமல் விடக்கூடாது.

இரண்டு அறிக்கைகளை ஒப்பிடும்போது ஒரு கவனம். எக்கோவில் இதயவறையின் விளிம்பை ஒருவர் கண்ணால் பார்த்து வரைகிறார். இன்னொருவர் வரைந்தால் 5 புள்ளிகள், சிலவேளை அதற்கு மேலும் மாறலாம். துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இன்னும் மாறும். 38 இருந்தது 35 ஆனதென்று நித்திரை இழக்கத் தேவையில்லை. பழைய அறிக்கையைக் கொண்டுபோய்க் காட்டினால் வைத்தியரால் ஒப்பிட முடியும்.

மறுபுறம், 60 வீதம் வந்தும் மூச்சு வாங்குபவர்கள் உண்டு. நீண்டகால உயர்குருதி அமுக்கத்தால் தடித்த இதயம் நன்றாகச் சுருங்கும், ஆனால் விரிந்து நிரம்பாது. 80 நிரம்பி 48 போனாலும் 60 வீதம்தான். எண் நல்லதென்று அந்த மூச்சுத்திணறலைத் தள்ளிவிட முடியாது.

எக்கோவில் படம் தெளிவில்லையென்றால் சிலருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் உடம்பில் செல் துண்டோடு வாழ்பவர்கள் இதை முதலிலேயே சொல்ல வேண்டும். எக்கோ வெறும் ஒலியலை, துண்டுக்கு ஒன்றும் ஆகாது. எம்.ஆர்.ஐ. பலத்த காந்தம், இரும்புத் துண்டை அசைத்துவிடக்கூடும். துண்டு எங்கே இருக்கிறதென்று முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே முடிவெடுப்பார்கள்.