பண மசோதா: மாநிலங்களவையின் அதிகாரத்தை நிர்ணயிக்கும் ஒரு சான்று

ஒரு மசோதா 'பண மசோதா' எனச் சான்றளிக்கப்பட்டால், அதைத் தடுக்கும் அதிகாரம் மாநிலங்களவைக்கு இல்லை. இச்சான்றை வழங்குபவர் மக்களவைத் தலைவர்.

அரசியலமைப்பின் 109-ஆவது பிரிவின்படி, பண மசோதாவை மக்களவையில் மட்டுமே அறிமுகப்படுத்த முடியும். மாநிலங்களவை 14 நாள்களுக்குள் தனது பரிந்துரைகளுடன் அதைத் திருப்பி அனுப்பலாம். அவற்றை ஏற்பதும் நிராகரிப்பதும் மக்களவையின் விருப்பம். கெடு தாண்டினால் மசோதா நிறைவேறியதாகவே கருதப்படும்.

எது பண மசோதா என்பதை 110-ஆவது பிரிவு வரையறுக்கிறது. வரி, அரசின் கடன், தொகுப்பு நிதிச் செலவு போன்றவையும் அவற்றைச் சார்ந்தவையும் 'மட்டுமே' அதில் இடம்பெற வேண்டும். வேறு பொருளும் கலந்திருந்தால் அது 117-ஆவது பிரிவின் கீழ் வரும் நிதி சார்ந்த மசோதாவாகும். அதனைத் திருத்தவும் நிராகரிக்கவும் மாநிலங்களவைக்கு முழு உரிமை உண்டு.

இந்த வேறுபாடு 2016-இல் ஆதார் மசோதாவில் வெளிப்பட்டது. பண மசோதாவாகக் கொண்டுவரப்பட்ட அதனை, மார்ச் 16 அன்று மாநிலங்களவை ஐந்து திருத்தங்களைப் பரிந்துரைத்துத் திருப்பி அனுப்பியது. ஆதாரிலிருந்து விலகும் வாய்ப்பு அவற்றில் ஒன்று. அன்றே மக்களவை ஐந்தையும் நிராகரித்தது, மசோதா சட்டமானது.

இதனை எதிர்த்த வழக்கில், 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், மானியங்கள் தொகுப்பு நிதியிலிருந்து வழங்கப்படுவதால் இது பண மசோதாவே என்றனர். நீதிபதி டி.ஒய். சந்திரசூட் மாறுபட்டு, மாநிலங்களவையைத் தவிர்த்தது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றார். தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த வழிவிட்ட 57-ஆவது பிரிவின் பகுதி ரத்தானது.

தீர்ப்பாயங்கள் தொடர்பான ரோஜர் மேத்யூ வழக்கில், 2019 நவம்பர் 13 அன்று மற்றோர் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 'மட்டுமே' என்ற சொல்லின் பொருளை ஆதார் தீர்ப்பு போதிய அளவு ஆராயவில்லை எனக் கருதியது. அவைத் தலைவரின் முடிவு இறுதியானது என 110-ஆவது பிரிவு கூறினாலும், அது நீதிமன்றப் பரிசீலனைக்கு முற்றிலும் அப்பாற்பட்டதல்ல எனக் கூறி, பண மசோதா பற்றிய கேள்வியை ஏழு நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது.

மாநிலங்களில் நிலைமை வேறு. திருவனந்தபுரத்தில் கூடும் கேரள சட்டப்பேரவைக்கு மேலவை இல்லை. எனவே இரு அவைகளுக்கிடையே மோதலுக்கு இடமில்லை. ஆயினும் பேரவைத் தலைவரின் சான்றுக்கு அங்கும் பொருள் உண்டு: ஆளுநரின் பரிந்துரையின்றிப் பண மசோதாவை அறிமுகப்படுத்த முடியாது, நிறைவேறிய பின் அதனை மறுபரிசீலனைக்காகப் பேரவைக்குத் திருப்பி அனுப்ப 200-ஆவது பிரிவு ஆளுநரை அனுமதிப்பதில்லை.

மேலவை உள்ள கர்நாடகம் போன்ற மாநிலங்களிலோ, பண மசோதாவை அந்த அவை 14 நாள்கள் மட்டுமே வைத்திருக்க முடியும். பிற மசோதாக்களை முதல் முறை மூன்று மாதங்களும் இரண்டாம் முறை ஒரு மாதமும் தாமதப்படுத்தலாம், தடுக்க முடியாது. நாடாளுமன்றத்தில் உள்ளதுபோல் கூட்டுக் கூட்டத்துக்கும் அங்கு வழியில்லை. ஆகவே இச்சான்றால் மிகுதியாக இழப்பது, பிற மசோதாக்களில் மக்களவைக்கு ஏறத்தாழ நிகரான அதிகாரம் கொண்ட மாநிலங்களவையே.