ரிம் விளிம்பு அரிப்பும் மெதுவான காற்றுக் கசிவும்

ட்யூப் இல்லாத டயரின் உள்விளிம்பில், எஃகுக் கம்பி பொதிந்த தடித்த ரப்பர் வளையம் ஒன்று உண்டு. அதுதான் பீட். காற்றழுத்தம் அதை ரிம்மின் ஓரப்பட்டையோடு நெருக்கிப் பிடிப்பதால்தான் காற்று உள்ளே நிற்கிறது. அந்தப் பட்டை அரித்துப் பொரிந்துவிட்டால், ஆணி எதுவும் குத்தாமலே காற்று இறங்கத் தொடங்கும்.

அமெரிக்காவின் மிச்சிகன், கனடாவின் ஒன்டாரியோ போன்ற பனிப் பகுதிகளில் இது டயர் கடைகளுக்கு அன்றாட வேலை. பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, அலுமினிய ரிம்மின் பூச்சில் சிறு கீறல் கிடைத்தாலும் உள்ளே புகுந்துவிடும். சக்கரச் சமநிலைக்காக ஓரத்தில் அடிக்கும் எடைத்துண்டு பூச்சைக் கீறிய இடத்தில் அரிப்பு பெரும்பாலும் தொடங்குகிறது. அரித்த அலுமினியம் வெண்பொடியாக மாறும்போது முன்னிருந்ததைவிடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொண்டு, பூச்சைக் கொப்புளமாக எழுப்புகிறது. பீட் அந்த மேட்டின் மேல் உட்கார, இருபுறமும் நூலளவு இடைவெளி விழுகிறது.

குளிரிலும் அழுத்தம் குறையும் என்பதால் குழப்பம் வரும். வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். ஆனால் அது நான்கு டயரிலும் ஒன்றுபோல் குறையும். ஒரே டயர் மட்டும் வாரம் 2 பிஎஸ்ஐ இழந்தால் அது கசிவுதான். 35 பிஎஸ்ஐ வைத்த அந்த டயர், நாலரை வாரத்தில் 26க்கு வந்து எச்சரிக்கை விளக்கை எரியவைக்கும்.

கடையில் சக்கரத்தைக் கழற்றி, நீர்த்தொட்டியில் அமிழ்த்துகிறார்கள். அவசரப்படாமல் பார்க்க வேண்டிய இடம் இதுதான்: இவ்வளவு மெதுவான கசிவில் குமிழி ஒன்று திரண்டு வர ஒரு நிமிடம்கூட ஆகலாம். வால்விலோ டயரின் முகப்பிலோ வராமல் விளிம்போரம் வந்தால், அந்த இடத்தில் சாக்குக்கட்டியால் குறியிட்டு டயரைக் கழற்றுகிறார்கள். பொரிந்த பூச்சையும் பொடியையும் நார்ப்பட்டைத் தகடால் தேய்த்து, விரலுக்கு மேடு தட்டாத அளவுக்குச் சமப்படுத்துகிறார்கள். எஃகுக் கம்பித் தூரிகை இதற்கு ஆகாது. அதன் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து அடுத்த அரிப்புக்கு வித்திடும். பீட்டிலும் பழைய பொடி ஒட்டியிருக்கும், அதையும் துடைத்தாக வேண்டும்.

பிறகு பீட் சீலர் எனும் கருநிற ரப்பர்க் குழம்பை மெல்லிதாகப் பூசி, சற்றே பிசுபிசுக்கும் வரை உலரவிட்டு டயரை மாட்டுகிறார்கள். பீட் இடத்தில் உட்கார 40 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றக் கூடாது. மீண்டும் தண்ணீரில் சோதித்து, சமநிலை பார்த்து வண்டியில் பூட்டுகிறார்கள்.

சீலர் நுண்ணிய குழிகளை மட்டுமே அடைக்கும். தேய்க்காமல் பொடியின் மேலேயே தடித்துப் பூசினால், பொடி உதிரும்போது சீலரும் சேர்ந்து பெயர்ந்துவிடும். சரியாகச் செய்தாலும், பூச்சு போன வெற்று அலுமினியத்தில் உப்பு மறுபடி வேலையைக் காட்டும். சில குளிர்காலங்களுக்குப் பிறகு அதே சக்கரம் திரும்பி வருவது உண்டு. குழி ஆழமாகவோ, ரிம் வளைந்தோ விரிசல் விட்டோ இருந்தால் சீலர் பூசுவது பாதுகாப்பல்ல, ரிம்மையே மாற்ற வேண்டும்.