தணிக்கை அறிக்கையும் வருமான வரிப் படிவமும் முரண்படுதல்

வருமான வரிச் சட்டம் (1961), பிரிவு 44AB-யின்படி ஆடிட்டர் தாக்கல் செய்யும் 3CD அறிக்கையும், வணிகர் தாக்கல் செய்யும் ரிட்டர்னும் வேறுவேறு தொகை காட்டும் நிலை இது. ஆண்டு விற்பனை 1 கோடி ரூபாயைத் தாண்டினால் பொதுவாகத் தணிக்கை கட்டாயம். ரொக்க வரவும் ரொக்கச் செலவும் தனித்தனியே 5 சதவீதத்துக்கு மிகாதவர்களுக்கு மட்டும் அந்த வரம்பு 10 கோடி. விவசாயிக்கு ரொக்கமாகப் பணம் தரும் வழக்கமுள்ள மஞ்சள் வணிகத்தில் இந்தச் சலுகை எளிதில் கைகூடுவதில்லை.

நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டிக்காரர் ஒருவரின் 2022-23 கணக்கை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆடிட்டர் 2023 செப்டம்பர் 28 அன்று அறிக்கை தந்தார். அதில் இரண்டு பதிவுகள். தொழிலாளரிடம் பிடித்த பி.எஃப். பங்கு 36,000 ரூபாயை, 2022 டிசம்பர் 15-க்குள் கட்டாமல் 22-ஆம் தேதி கட்டியது ஒன்று. வங்கிக் கடன் வட்டியில் 2,10,000 ரூபாய் பாக்கி என்பது மற்றொன்று. அக்டோபர் இறுதியில் தாக்கலான ரிட்டர்னில் இரண்டுமே வருமானத்தில் சேர்க்கப்படவில்லை. பெங்களூரு மையக் கணினி இரண்டையும் ஒப்பிட்டு, பிரிவு 143(1)(a)-வின் கீழ் திருத்த முன்மொழிவை அனுப்பியது. பதில் தர 30 நாள்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அறிவிப்பு ஒன்றே என்றாலும் பதில் ஒன்றல்ல. பி.எஃப். விஷயத்தில் தவறு ரிட்டர்னில் இருக்கிறது. தொழிலாளர் பங்கைக் கெடு தாண்டிக் கட்டினால் கழிவு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே ஒப்புக்கொண்டு, 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸுமாக 11,232 ரூபாயையும் அதற்குரிய வட்டியையும் கட்டி, பழைய ரிட்டர்னின் ஒப்புகை எண்ணைக் குறிப்பிட்டு, பிரிவு 139(5)-இன் கீழ் திருத்திய ரிட்டர்ன் போட வேண்டும். அந்த ஆண்டுக்கான கெடு 2023 டிசம்பர் 31. தாக்கல் செய்தால் மட்டும் போதாது, 30 நாளுக்குள் மின்சரிபார்ப்பும் முடிய வேண்டும்.

வங்கி வட்டியில் ரிட்டர்னே சரி. அக்டோபர் 20 அன்று, அதாவது ரிட்டர்ன் கெடுவான அக்டோபர் 31-க்கு முன்பே, வட்டி கட்டப்பட்டதால் பிரிவு 43B கழிவை அனுமதிக்கிறது. ஆடிட்டர் கையெழுத்திட்ட நாளில் அது பாக்கிதான்; அவர் எழுதியதிலும் பிழையில்லை. e-Proceedings பக்கத்தில் "Disagree" தேர்ந்து, கட்டிய தேதி தெரியும் வங்கிக் கணக்கு அறிக்கையை இணைத்து, இந்தத் தேதி வரிசையை நாலு வரியில் எழுதினால் போதும். விதி 6G(3)-இன்படி, இத்தகைய பிந்தைய கட்டணத்துக்காகத் திருத்திய தணிக்கை அறிக்கையையும் மதிப்பீட்டு ஆண்டு முடிவதற்குள் பெறலாம். அதுவே உறுதியான வழி.

பதிலே தராவிட்டால் இரண்டு தொகையும் வருமானத்தில் ஏறிவிடும்.

வழக்கு விரிவான ஆய்வுக்குப் போனால் அதிகாரி விளக்கக் கடிதத்தை வாங்கிக்கொள்வார். ஆனால் ரிட்டர்னில் கேட்காத புதுக் கழிவை வெறும் கடிதத்தின் பேரில் அவரால் தர முடியாது. திருத்திய ரிட்டர்ன் வழியாகவே கேட்க வேண்டும் என்பது கோயட்ஸ் (இந்தியா) வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் அளித்த தீர்ப்பு.