ஒரே நாளில் 500 மெயில்: ஜிமெயில் ஏன் திடீர்னு உங்க கணக்கைத் தடுக்கிறது?

கல்லூரி பேட்ச் சந்திப்புக்கு அழைப்பு, புது வீட்டு கிரகப்பிரவேசப் பத்திரிகை, ஃப்ரீலான்ஸ் வேலைக்கான அறிமுகக் கடிதம். எதுவாக இருந்தாலும் மொத்தமாக மெயில் அனுப்பியவர்களில் பலர் இந்த வரியைப் பார்த்திருப்பார்கள்:

`You have reached a limit for sending mail. Your message was not sent.`

கணக்கு முடங்கிவிட்டதோ, யாராவது ஹேக் பண்ணிட்டாங்களோ என்ற பயம்தான் முதலில் வரும். பெரும்பாலும் அப்படி இருக்காது. அன்றைக்கான அனுப்பும் வரம்பைத் தாண்டியிருப்பீர்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த வரம்பை ஜிமெயில் எப்படி எண்ணுகிறது என்பதில்தான் நிறைய பேர் தவறிவிடுகிறார்கள்.

வரம்பு எவ்வளவு?

இலவச ஜிமெயில் கணக்கில் ஒரே மெயிலை 500 பேருக்கு மேல் அனுப்பினாலோ, ஒரு நாளில் 500 மெயிலுக்கு மேல் அனுப்பினாலோ தடை வரலாம். அலுவலகங்கள் பணம் கட்டிப் பயன்படுத்தும் கூகுள் வொர்க்ஸ்பேஸ் கணக்கில் ஒரு நாளைக்கு 2,000 மெயில் வரை போகும். அதையே சோதனைக் காலக் கணக்காக வைத்திருந்தால், அங்கும் 500தான்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, 'செண்ட்' பட்டனை எத்தனை முறை அழுத்தினீர்கள் என்பதைவிட, எத்தனை முகவரிகளுக்குப் போனது என்பதே முக்கியம். டூ, சிசி, பிசிசி எதில் போட்டாலும் ஒவ்வொரு முகவரியும் ஒரு பெறுநர்தான். பிசிசியில் போட்டால் மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. ஜிமெயில் கணக்கிலிருந்து அது தப்பாது.

இரண்டாவது, 'ஒரு நாள்' என்பது நள்ளிரவு 12 மணிக்கு முடிவதில்லை. கடந்த 24 மணி நேரத்தில் எவ்வளவு போனது என்றுதான் பார்க்கப்படுகிறது. தேதி மாறியதும் கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும் என்று நம்பி, இரவு 12.05க்கு மறுபடி முயன்றால் அதே செய்திதான் வரும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

கவிதா என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பேட்ச் சந்திப்புக்காக அவர் கையில் 310 முகவரிகள் இருக்கின்றன. சனிக்கிழமை காலை 10 மணிக்கு, இலவச ஜிமெயிலில் எல்லாரையும் பிசிசியில் போட்டு அழைப்பை அனுப்புகிறார். 310 பெறுநர்கள். வரம்புக்குள்தான் இருக்கிறார், பிரச்னை இல்லை.

11.30 மணிக்கு ஒரு நண்பர் போன் பண்ணி, தேதி தப்பா இருக்கு என்கிறார். கவிதா உடனே திருத்திய அழைப்பை அதே 310 பேருக்கும் அனுப்புகிறார். இப்போது கடந்த 24 மணி நேரக் கணக்கு 620. மெயில் நின்றுவிடுகிறது. அவரைப் பொறுத்தவரை அனுப்பியது இரண்டே மெயில். ஜிமெயில் பார்ப்பதோ 600க்கும் மேற்பட்ட பெறுநர்களை.

சிக்கல் அதோடு நிற்பதில்லை. இந்தத் தடை அழைப்புக்கு மட்டுமல்ல, அந்தக் கணக்கிலிருந்து போகும் எல்லா மெயிலுக்கும்தான். அன்று மாலைக்குள் ஒரு நிறுவனத்துக்கு ஆஃபர் லெட்டரை ஏற்றுப் பதில் அனுப்ப வேண்டியிருந்தால், அந்த ஒற்றை மெயிலும் போகாது. தடை 1 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை நீடிக்கலாம் என்கிறது கூகுள். காலை 10 மணிக்குப் போன 310, ஞாயிறு காலை 10 மணிக்குத்தான் கணக்கிலிருந்து விலகும்.

ஒரு ஆறுதல்: இந்த நேரத்தில் லாகின் செய்யலாம், வரும் மெயில்களைப் படிக்கலாம், டிரைவ் போன்ற மற்ற சேவைகளும் வேலை செய்யும். அனுப்புவது மட்டும்தான் நிற்கிறது.

நான் ஸ்பேமர் இல்லையே, என்னை ஏன் தடுக்கணும்?

ஏன்னா அனுப்பும் கணினிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பாஸ்வேர்டைத் திருடியவர், சொந்தக்காரர் கவனிப்பதற்குள் முடிந்த அளவு மெயிலை அனுப்பிவிடப் பார்ப்பார். வழக்கமாக நாளைக்குப் பத்து மெயில் அனுப்பும் கணக்கு, திடீரென்று சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே வாசகத்தை அனுப்பும். கவிதாவின் சனிக்கிழமையும் வெளியிலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கிறது. வரம்பு இருப்பதால், திருடப்பட்ட கணக்கு ஒன்றால் ஒரு நாளில் செய்ய முடிகிற சேதத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது.

இன்னொரு காரணம், கோடிக்கணக்கான ஜிமெயில் பயனர்களின் மெயில்கள் பொதுவான சர்வர்கள் வழியாகப் போகின்றன. அங்கிருந்து ஸ்பேம் அதிகமாக வந்தால், அவுட்லுக், யாகூ போன்ற மற்ற சேவைகள் அந்த சர்வர்களையே சந்தேகிக்கும். அப்போது ஒழுங்காக அனுப்புபவர்களின் மெயிலும் ஸ்பேம் பெட்டிக்குப் போகும்.

திரும்பி வரும் மெயில்களும் சந்தேகத்தைக் கூட்டும். கவிதாவின் பட்டியலில் நண்பர்கள் விட்டுவிட்டுப் போன பழைய அலுவலக முகவரிகள் 40 இருந்தால், `Address not found` என்று 40 பதில்கள் வரும். விலைக்கு வாங்கிய பட்டியலுக்கு அனுப்புபவர்களுக்கும் இதேதான் நடக்கும். அதனால் எண்ணிக்கை 500ஐத் தொடாவிட்டாலும், சேராத மெயில்கள் நிறைய இருந்தால் கணக்கு தடுக்கப்படலாம்.

ஸ்கிரிப்ட் எழுதி அனுப்பினால்?

கூகுள் சீட்ஸில் பெயர்ப் பட்டியலை வைத்து, ஆப்ஸ் ஸ்கிரிப்ட் மூலம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புபவர்களுக்கு வரம்பு இன்னும் குறைவு. இலவசக் கணக்கில் நாளைக்கு 100 பெறுநர்கள், வொர்க்ஸ்பேஸில் 1,500. தாண்டினால் `Service invoked too many times for one day: email.` என்று ஸ்கிரிப்ட் பாதியில் நிற்கும். யாருக்குப் போச்சு, யாருக்குப் போகலை என்பது பெரிய தலைவலியாகிவிடும். அனுப்பத் தொடங்கும் முன் மீதி எவ்வளவு என்று பார்க்க ஒரு வரி போதும்:

```
Logger.log(MailApp.getRemainingDailyQuota());
```

பட்டியலைவிட இந்த எண் சிறியதாக இருந்தால், அன்று தொடங்காதீர்கள். சீட்டில் 'அனுப்பியாச்சு' என்று ஒரு பத்தியும் வைத்துக்கொண்டால், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தடை வந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் 'செண்ட்' பெட்டியைத் திறந்து பாருங்கள். நீங்கள் அனுப்பியவை மட்டுமே இருந்தால், காத்திருப்பதுதான் வழி. நீங்கள் எழுதாத மெயில்கள் இருந்தால் கதை வேறு. கணினியில் ஜிமெயில் பக்கத்தின் கீழே வலது ஓரத்தில் உள்ள `Details` வழியாக, சமீபத்தில் எங்கிருந்து லாகின் நடந்தது என்று பாருங்கள். தெரியாத இடம் இருந்தால் பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டு, கணக்குடன் இணைந்த தெரியாத செயலிகளை நீக்குங்கள். ஆனால் 'செண்ட்' பெட்டி சுத்தமாக இருப்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம். உள்ளே வந்தவர் அதை அழித்திருக்கவும் முடியும். நீங்கள் எதுவும் மொத்தமாக அனுப்பாமலே தடை வந்திருந்தால், லாகின் விவரத்தைக் கட்டாயம் பாருங்கள்.

அவசரமான மெயிலை வேறொரு முகவரியிலிருந்து அனுப்பி, பதிலை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்றும் எழுதிவிடுங்கள்.

அடுத்த முறைக்கு

கவிதா போன்றவர்களுக்கு எளிய வழி, தேதியையும் இடத்தையும் ஒரு கூகுள் டாக்கில் எழுதி, மெயிலில் அதன் லிங்கை மட்டும் அனுப்புவது. தேதி மாறினால் டாக்கைத் திருத்தினால் போதும், 310 மெயில் மறுபடி போக வேண்டியதில்லை. அடிக்கடி அனுப்ப வேண்டியிருந்தால் கூகுள் குரூப்ஸில் ஒரு குழு தொடங்கலாம். நீங்கள் குழுவின் ஒரே முகவரிக்கு அனுப்புவீர்கள், உறுப்பினர்களுக்குப் பிரித்து அனுப்புவதை குழு பார்த்துக்கொள்ளும்.

தொழிலுக்காக ஆயிரக்கணக்கில் அனுப்புபவர்களுக்கு சாதாரண ஜிமெயில் கணக்கு சரிப்படாது. சொந்த டொமைனும், மொத்த மெயிலுக்கென்றே உள்ள சேவையும் தேவை. அங்கும் விதிகள் உண்டு. தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 அல்லது அதற்கு மேல் அனுப்புபவர்கள் தங்கள் டொமைனை உறுதிப்படுத்த வேண்டும், விளம்பர மெயில்களில் ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பேம் புகார்களை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை 2024 பிப்ரவரி முதல் கூகுள் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது.

மற்றபடி, முக்கியமான ஒரு மெயில் அன்று போக வேண்டியிருந்தால் அதை முதலில் அனுப்பிவிடுங்கள். மொத்த மெயிலை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.