அப்பா பெயரில் ஒரு ரசீது: நம் ஊர் வரிச் சீட்டில் எழுதியிருக்கும் வரலாறு

நம் வளாகத்தில் பலருக்கு, இந்தப் பிளாட் தவிர, சென்னையின் பழைய பகுதி ஒன்றில் அப்பா அம்மா விட்டுச்சென்ற வீடும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதற்கு வரி கட்டுகிறோம், ரசீதைக் கோப்பில் போடுகிறோம். அதைப் படிப்பவர்கள் குறைவு. நானும் படித்ததில்லை, முப்பத்தைந்து வருடம் வங்கியில் லெட்ஜர் பார்த்தவன் என்றாலும். 2021-இல் அம்மா காலமான பிறகு, பெரம்பூர் வீட்டின் தகரப்பெட்டியை என் தங்கையும் நானும் திறந்தபோதுதான் அந்தச் சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன்.

முதலில் கண்ணில் பட்டது தலைப்பு. பழைய ரசீதுகளில் மெட்ராஸ் மாநகராட்சி என்றிருந்தது, 1996-இல் ஊரின் பெயர் மாறிய பின் சென்னை மாநகராட்சி ஆகிறது. இந்த மாநகராட்சி 1688-இல் தொடங்கியது, இந்தியாவிலேயே மிகப் பழையது. ஆனால் நம் ரசீதுகளில் உள்ள கணக்கு முறைக்கு அடிப்படை, 1919-ஆம் ஆண்டின் சென்னை நகர மாநகராட்சிச் சட்டம். சுமார் நூறு ஆண்டுகள் அதுவே ஆண்டது. 2023-இல்தான் எல்லா நகரங்களுக்கும் பொதுவான நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் அடிப்படை எளிமையானது. வரி வீட்டின் விலை மீது அல்ல, அதை வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன கிடைக்கும் என்ற மதிப்பின் மீது. நாமே குடியிருந்தாலும் அப்படித்தான். பன்னிரண்டு மாத வாடகையை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. கட்டடத்துக்குரிய பங்கில் பத்து சதவீதத்தைப் பழுதுபார்ப்புக்கென்று கழிக்கிறார்கள். வாடகையில் பத்தில் ஒரு பங்கு நிலத்துக்கு, ஒன்பது பங்கு கட்டடத்துக்கு என்று வைத்துக் கணக்கிட்டால், 12 என்பது 10.92 ஆகிறது. மாத வாடகை மதிப்பை இந்த 10.92-ஆல் பெருக்கினால் வருவதே ஆண்டு மதிப்பு.

எங்கள் வீட்டுக்கு 2021-22-இல் அரையாண்டு வரி 920 ரூபாய். ஆண்டு மதிப்பு 5,000 ரூபாயைத் தாண்டிய வீடுகளுக்கு அரையாண்டு வரி மொத்தம் 12.40 சதவீதம் என்பது அப்போதைய கணக்கு. அப்படியென்றால் ஆண்டு மதிப்பு ஏறக்குறைய 7,420 ரூபாய். அதை 10.92-ஆல் வகுத்தால் மாதம் 680 ரூபாய். பெரம்பூரில் ஒரு தனி வீட்டின் மாத வாடகை 680 ரூபாய்! காரணம், சென்னையில் பொது மறுமதிப்பீடு கடைசியாக நடந்தது 1998-இல். 2022 வரை அந்த ஆண்டின் மதிப்பிலேயே வரி நின்றது. இடையில் 2018-இல் உயர்த்தினார்கள், அடுத்த ஆண்டே நிறுத்திவைத்தார்கள்.

இந்த 12.40 சதவீதத்துக்குள்ளும் வரலாறு இருக்கிறது. அதில் 9 பொது வரி. 2.50 கல்வி வரி, இதன் வேர் 1920-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம். மீதி 0.90 நூலக வரி. 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நெடுங்காலம் வலியுறுத்தியதும், அப்போதைய கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் முயன்றதும் சேர்ந்து அது நிறைவேறியது. வீட்டு வரி ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆறு பைசா (பழைய பைசா, ரூபாய்க்கு 192) நூலகத்துக்கு என்று அப்போது வைத்தார்கள். இப்போது அது ரூபாய்க்குப் பத்து பைசா. எங்கள் 920 ரூபாயில் சுமார் 67 ரூபாய் அப்படி நூலகத்துக்குப் போயிருக்கிறது. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பேப்பர் படிக்கப் போகும் நூலகத்துக்கு, எங்கள் அப்பாவும் பங்கு கொடுத்திருக்கிறார்.

அடுத்தது எண்கள். பில் எண் நான்கு துண்டுகளாக இருக்கும்: மண்டலம், கோட்டம், பில் எண், உட்பிரிவு எண். பழைய ரசீதில் உள்ள எண்ணைப் போட்டுத் தேடினேன், வேறு யாரோ ஒருவர் வீடு வந்தது. பயந்துபோனேன். பிறகுதான் புரிந்தது. 2011-இல் 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 கிராம ஊராட்சிகளும் சென்னையோடு சேர்ந்தன. 155 கோட்டங்கள் 200 ஆயின, மண்டலங்கள் 10-இலிருந்து 15 ஆயின. கோட்ட எண்ணெல்லாம் மாறிப்போனது. எனவே 2011-க்கு முந்தைய ரசீதின் எண்ணை வைத்துத் தேடாதீர்கள். அதற்குப் பிந்தைய ரசீது ஒன்றைத் தேடி எடுங்கள். கதவு எண்ணும் பழையது, புதியது என்று இரண்டு இருக்கும். பத்திரத்தில் ஒன்றும் ரசீதில் மற்றொன்றும் இருந்தால் இரண்டும் ஒரே வீடுதான் என்று காட்ட, இரண்டு எண்ணும் உள்ள ஏதாவது ஒரு சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் நடக்கக்கூடும். 2022 ஏப்ரலில் வரி உயர்ந்தபோது, பழைய சென்னைப் பகுதிக் குடியிருப்புகளுக்கு வீட்டின் அளவைப் பொறுத்து உயர்வு வைத்தார்கள். 600 சதுர அடி வரை 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150. 2011-இல் சேர்ந்த பகுதிகளுக்கு இவை 25, 50, 75, 100. அதாவது, உங்கள் வரி எவ்வளவு ஏறியது என்பதே, உங்கள் வீடு எவ்வளவு பெரியது என்று மாநகராட்சி நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லிவிடும்!

எங்கள் 920 ரூபாய், 2022-23 முதல் அரையாண்டில் 1,380 ஆனது. 460 ரூபாய் கூடுதல், சரியாக 50 சதவீதம். அப்படியென்றால் 600 சதுர அடிக்குள் என்று பதிவாகியிருக்கிறது. ஆனால் எங்கள் வீடு கீழே 580, மாடியில் 410, மொத்தம் 990 சதுர அடி. 75 சதவீதம் ஏறி 1,610 வந்திருக்க வேண்டும், அதுவும் மாடிக்கான வரி சேராமலே. மாடியை அப்பா 1987-இல் பி.எஃப். பணத்தில் கட்டினார். அதற்குப் பிறகு அது வரிக் கணக்கில் சேரவே இல்லை. முப்பத்தைந்து வருடமாக அந்த மாடி எங்கள் கண்ணுக்கு இருந்தது, வரிச் சீட்டில் இல்லை.

இந்தக் கணக்கைப் போடும்போது இரண்டு இடத்தில் தவறலாம். ஒன்று, கட்டிய தொகையை ஒப்பிடாமல், அந்த அரையாண்டின் கேட்புத் தொகையை ஒப்பிடுங்கள். முன்கூட்டியே கட்டினால் ஐந்து சதவீத ஊக்கத்தொகை கழியும், எங்கள் 1,380 அப்படி 1,311 ஆகத் தெரியும். நிலுவை சேர்ந்திருந்தாலும் தொகை மாறும். இரண்டு, 2018-19-க்குப் பிந்தைய ஓரிரு ரசீதுகளில் உயர்வும் பின்னர் சரிக்கட்டலும் கலந்திருக்கும், 2022-க்குப் பிறகும் வரி ஏறியிருக்கிறது. ஆகவே 2021-22 இரண்டாம் அரையாண்டையும் 2022-23 முதல் அரையாண்டையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

மாடி கணக்கில் இல்லையென்றால் என்ன குறைந்துவிட்டது, வரிதானே மிச்சம் என்று கேட்கலாம். வீட்டை விற்கும்போதோ அதன் மீது கடன் வாங்கும்போதோ வங்கி வரி ரசீதையும் பத்திரத்தையும் கட்டட அளவையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும். நானே கடன் பிரிவில் பார்த்திருக்கிறேன். பதிவில்லாத மாடிக்கு மதிப்புப் போட மாட்டார்கள். நாங்களே எழுதிக் கொடுத்து, மாநகராட்சியிலிருந்து வந்து அளந்து, மறுமதிப்பீடு செய்தார்கள். அரையாண்டு வரி கூடியது. எங்களுக்கு வந்த கேட்பைக் கட்டினோம்.

கடைசியாக, பெயர். ரசீதில் அப்பா பெயர்தான் இருந்தது. அவர் 2004-இல் போனார். அதன் பின் ஒவ்வொரு அரையாண்டும் வரி கட்டியது நான். என் தங்கை ஊருக்கு வெளியே இருந்ததால் அவளுக்கு இந்தக் கோப்பே தெரியாது. பதினேழு வருட ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் இந்த வீடு என்னுடையது என்ற எண்ணம் எனக்கு வந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். என் பெயருக்கு மாற்றலாம் என்று மனுவும் எழுதத் தொடங்கிவிட்டேன்.

வரி ரசீது, யார் கட்டினார் என்பதற்குச் சாட்சி. யார் சொந்தக்காரர் என்பதற்குச் சாட்சி அல்ல. பெயர் மாற்றம் வரி வசூலுக்கான பதிவுதான், அது உரிமையைத் தருவதில்லை. உயில் இல்லாமல் இந்து ஆண் ஒருவர் இறந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. அம்மா பங்கும் பிறகு எங்கள் இருவருக்கும் சமமாக வந்தது. அதனால் வாரிசுச் சான்றிதழில் யார் யார் இருக்கிறார்களோ அவர்கள் எல்லோர் பெயரையும் சேர்ப்பதுதான் முறை. ஒருவர் பெயரில் மட்டும் வர வேண்டும் என்றால், மற்றவர்கள் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் தர வேண்டும்.

நான் எழுதிய மனுவைத் தங்கையிடம் காட்டியபோது அவள் கோபப்படவில்லை. "அண்ணா, இத்தனை வருஷம் நீ கட்டினதுல என் பாதி எவ்வளவுன்னு சொல்லு" என்றாள். கணக்குப் போட்டேன். பதினேழு வருடத்தில் பதினைந்தாயிரம் ரூபாய் அளவுதான். அந்தத் தொகைக்காகவா வீடு என்னுடையது என்று நினைத்தேன்? வெட்கமாக இருந்தது. மனுவைக் கிழித்துவிட்டு, இரண்டு பேர் பெயரும் போட்டு வேறொன்று எழுதினேன். இறப்புச் சான்றிதழ்கள் இரண்டு, வாரிசுச் சான்றிதழ், பத்திரத்தின் நகல், கடைசி வரி ரசீது ஆகியவற்றை வைத்தோம்.

அடுத்த அரையாண்டு வந்த ரசீதில் எங்கள் இரண்டு பேர் பெயரும் இருந்தது. மாடியும் இருந்தது. அதை அவளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உங்கள் பெற்றோர் வீட்டுக் கோப்பில் இப்படி ஒரு ரசீது இருந்தால், இந்த ஞாயிறு எடுத்து, யார் பெயர், எந்த எண், எத்தனை சதவீதம் ஏறியது என்று மூன்றை மட்டும் பாருங்கள். கூடப்பிறந்தவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.